இடது கன்னத்துச் சிரிப்பு

சரோஜாவுக்குத் தன் கணவரின் படத்தைக் கண்டு பயம் வந்தது ஆடி மாதக் கடைசியில். அதற்கு முன்பே மறதி வந்துவிட்டது. அடுப்பில் வைத்த பாலை மறந்தாள், பக்கத்து வீட்டு காயத்ரியின் பெயரை மறந்தாள், சாப்பிட்டதை மறந்து மறுபடியும் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். அதையெல்லாம் மகள் தமிழ்ச்செல்வி எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தாள். இது சமாளிக்கிற மாதிரி இல்லை.

படாளத்தில் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவர்கள் வீடு. கூடத்துச் சுவரில் ஜெகதீசன் படம். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இறந்து இரண்டு வருடமாகிறது. பென்ஷன் காகிதங்களுக்காக எடுத்த படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். வேறு நல்ல படம் இல்லை. கேமராவைக் கண்டால் டிக்கெட் எடுக்காத ஆளைப் பார்த்ததுபோல் முறைப்பது அவர் வழக்கம். கல்யாணப் படத்திலும் அதே முறைப்புதான்.

அன்று காலையில் சரோஜா கூடத்துக்குள் வரவே இல்லை. சமையலறை வாசலில் நின்று, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, மகளைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"செல்வி, அந்தாளு யாரு? காலைலேர்ந்து உக்காந்துகினு என்னியே பாத்துகினு கீறான்."

"யாரும்மா? யாரும் இல்லியே."

"மெதுவா பேசு. செக்கிங் இன்ஸ்பெக்டரு. உங்கப்பாவ புடிக்கத்தான் வந்து கீறான்."

தமிழ்ச்செல்விக்கு உடனே புரிந்தது. அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில், அப்பாவின் பஸ்ஸில் யாரோ ஒருவர் டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்திருந்ததைச் செக்கிங்கில் கண்டுபிடித்து, அப்பாவை வேலையிலிருந்து சில மாதம் நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த மாதங்களில் வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அம்மா நடுங்குவாள். எத்தனையோ நல்ல விஷயங்கள் அழிந்துபோன அந்த மனதில் அந்த நடுக்கம் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"அம்மா, அது அப்பா படம்மா."

சரோஜா மகளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சின்னப் பிள்ளை ஏதோ உளறுகிறது என்பதுபோல. "எனக்குத் தெரியாதா உங்கப்பாவ?" என்றாள்.

செங்கல்பட்டில் பார்க்கும் டாக்டரம்மா, படத்தைக் கழற்றி வைத்துவிடச் சொன்னார். இந்த நோயில் கண்ணாடியும் முறைக்கிற படமும் சிலரை இப்படிப் பயமுறுத்துவது உண்டாம். தமிழ்ச்செல்வி அன்றே கழற்றி பீரோ மேல் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் அவள் துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டு வருவதற்குள் அம்மாவைக் காணோம். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர்தான், அம்மா பஸ் நிறுத்தத்தின் பக்கம் போனதாகச் சொன்னார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தபோது சரோஜா சொன்னாள்:

"வூட்ல உக்காந்திருந்தானே, அவன் எழுந்து போய்ட்டான். பஸ்ஸாண்ட மடக்கி புடிக்கப் போறான். உங்கப்பாகிட்ட சொல்ல வேணாமா? வராதீங்கன்னு?"

தமிழ்ச்செல்வி படத்தைத் திரும்ப மாட்டினாள். அப்போது அம்மா வெளியே போகவில்லை. ஆனால் கூடத்துக்கு வரவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. அவன் பார்க்கிறான், அவன் பார்க்கும்போது எப்படிச் சாப்பிடுவது. படம் இருந்தால் பட்டினி, இல்லாவிட்டால் நெடுஞ்சாலை. தமிழ்ச்செல்வி வேலை பார்த்த மதுராந்தகம் பள்ளி அலுவலகத்தில் விடுப்பு நீண்டுகொண்டே போனது. கணவன் ஹரிஹரன் லாரி டிரான்ஸ்போர்ட்டில் கணக்குப் பார்ப்பவன், காலையில் போனால் இருட்டித்தான் வருவான். வாசல் கதவைப் பூட்டினால், புருஷனை உள்ளே விடாமல் பூட்டிவிட்டார்கள் என்று அம்மா கதவைத் தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துபோனது.

ஒரு மதியம் சரோஜா கொஞ்சம் தெளிவாக இருந்தாள். தமிழ்ச்செல்வி தலை வாரிவிட்டபடியே கேட்டாள். "ஏம்மா, அவரு முறைக்கறதுனாலதான் பயமா கீதா?"

"உங்கப்பா என்னிய முறைச்சதே இல்ல" என்றாள் சரோஜா. "உள்ள வர்றப்பவே சிரிச்சிகினுதான் வருவாரு."

சீப்பு அப்படியே நின்றது. அப்பா சிரித்துத் தமிழ்ச்செல்வி அதிகம் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்த அப்பா சுவரில் தொங்கும் அந்த அப்பாதான். அம்மாவுக்குத் தெரிந்தவர் வேறு ஆளாக இருக்கலாம் என்று அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அன்று மாலையே காயத்ரியைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு, படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினாள்.

ராட்டினங்கிணறு பக்கத்துச் சந்தில் ஆகிப் என்பவனின் போட்டோ ஸ்டூடியோ. அவனுக்கு முப்பது வயதிருக்கும். கல்யாண ஆல்பமும் பாஸ்போர்ட் போட்டோவுமாக ஓடுகிற கடை. செத்துப்போனவர்களின் படத்தில் கோட்டு போட்டுத் தருவது, பழைய படத்துக்கு வண்ணம் ஏற்றுவது எல்லாம் செய்வான். தமிழ்ச்செல்வி சொன்னதைக் கேட்டுவிட்டு, "சிரிக்க வெக்கணும், அவ்ளோதானக்கா" என்றான். பென்ஷன் படத்தின் பழைய டிஜிட்டல் பிரதி அவளுடைய மெயிலிலேயே இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஏ.ஐ. மென்பொருளில் ஏதோ தட்டினான். சற்று நேரத்தில் ஜெகதீசன் சிரித்தார்.

தமிழ்ச்செல்வி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். திரையில் இருந்தவருக்கு வரிசையாக வெள்ளைப் பற்கள். பற்பசை விளம்பரத்தில் வருகிற ஆள் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது எங்கப்பா இல்ல, தம்பி."

ஆகிப் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "ஆமாக்கா. சிரிக்க வையின்னு மட்டும் சொன்னா, அதுக்குத் தெரிஞ்ச பொதுவான சிரிப்ப ஒட்டிடும். அவரு எப்டி சிரிப்பாருன்னு அதுக்கு எப்டித் தெரியும்? அவரே சிரிச்ச இன்னொரு போட்டோ குடுத்தா, அதப் பாத்து பண்ணச் சொல்லலாம். ஆளு இந்தப் படத்துல இருந்து, சிரிப்பு மட்டும் அந்தப் படத்துல இருந்து."

"வெறும் வாய மட்டும் எடுத்து வெப்பியா?"

"வாய மட்டும் வெச்சா பயங்கரமா இருக்கும்கா. கண்ணு முறைக்கும், வாய் சிரிக்கும். வில்லன் மாதிரி ஆயிடும். சிரிச்சா கன்னம் மேல ஏறணும், கீழ் இமை சுருங்கணும், கண்ணோரத்துல கோடு வுழணும். எல்லாம் ஒண்ணா வரணும். அதுக்குத்தான் அவரோட சொந்தப் போட்டோவே வேணும். முகம் நேரா பாக்குற மாதிரி இருந்தா நல்லது. வாட்ஸப்புல ஃபார்வர்டு ஆகி மங்கிப்போனது வேணாம்."

நேராகப் பார்த்துச் சிரிக்கிற ஜெகதீசனை எங்கே தேடுவது? வீட்டில் இருந்த ஆல்பங்களை எல்லாம் புரட்டினாள். காதுகுத்து, கிரகப்பிரவேசம், அவளுடைய கல்யாணம், எல்லாவற்றிலும் அதே முறைப்பு. கடைசியில் ஹரிஹரன்தான் தேவசகாயத்தை நினைவுபடுத்தினான். அப்பாவோடு பல வருடம் ஒரே பஸ்ஸில் டிரைவராக ஓட்டியவர். இப்போது சதுரங்கப்பட்டினத்தில் மகன் வீட்டில் இருக்கிறார்.

தமிழ்ச்செல்வி தேடிப் போனதும், தேவசகாயம் ஊரின் பழைய டச்சுக் கோட்டைக்கு எதிரில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். கடல் காற்றில் அவருடைய சட்டை படபடத்தது.

"இந்தா பாப்பா. ரிட்டயர் ஆன வாரம் மாமல்லபுரம் போயிருந்தோம் நானும் உங்கப்பனும். நான்தான் கைய நீட்டி எடுத்தேன். ஐஸ் விக்கறவன் ஒருத்தன், நம்ம பஸ்ஸுல வந்து போனவன், டிக்கெட்டு டிக்கெட்டுன்னு இவன மாதிரியே கத்திக் கிண்டல் பண்ணான். அதுக்கு வந்த சிரிப்பு இது."

தமிழ்ச்செல்வி வாங்கிப் பார்த்தாள். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, வெயிலில் நின்று அப்பா சிரித்தார். பல் தெரியவில்லை. உதடு மூடியபடியே ஒரு ஓரம் மட்டும் மேலே இழுத்துக்கொண்டு போக, அந்தப் பக்கத்துக் கன்னம் திரண்டு, அதற்கு மேலிருந்த கண் பாதி மூடியிருந்தது. யாரிடமோ எதையோ ரகசியமாக ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

"இப்டி சிரிப்பாரா மாமா?"

"உங்கம்மா பேர எடுத்தா இப்டித்தான் சிரிப்பான்" என்றார் தேவசகாயம். பிறகு, "தங்கச்சி எப்டி கீது?" என்று கேட்டார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு கடல் பக்கம் திரும்பிவிட்டார்.

படம் மங்காமல் இருக்க, அதை வாட்ஸப்பில் டாக்குமெண்டாகத் தன் கைப்பேசிக்கு அனுப்பிக்கொண்டாள். பஸ்ஸில் உட்கார்ந்து சென்னையில் இருக்கும் தம்பி ராஜாராமிடம் பேசினாள். அவனுக்குப் பிடிக்கவில்லை.

"செத்துப்போன மனுஷன் மூஞ்சிய மாத்துவியாக்கா நீ? நாளைக்கு அவரு எப்டி இருந்தாருன்னு நமக்கே மறந்துடும்."

"பழைய படம் பத்திரமா இருக்கும்டா."

"அம்மாவுக்கு ஏற்கெனவே குழப்பம். அதுல இன்னும் ஒரு மூஞ்சிய காட்டினா?"

அவளுக்கும் அதுதான் பயம். அம்மாவின் மனதுக்குள் அப்பா முகம் என்று ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. அழிந்துகொண்டே வரும் சுவரெழுத்து மாதிரி. தப்பான முகங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அதன்மேல் ஒட்டினால், உள்ளே இருப்பதும் சேர்ந்து உரிந்து வந்துவிடுமோ?

ஆகிப் இந்த முறை நிதானமாகச் செய்தான். முதல் படம் பென்ஷன் படம். அதிலிருந்து முக அமைப்பு, தலை திரும்பியிருக்கும் கோணம், முடி, சட்டை, வெளிச்சம் எதுவும் மாறக்கூடாது என்று மென்பொருளில் எழுதினான். இரண்டாவது படத்திலிருந்து முகபாவம் மட்டும். உதடு மூடியே இருக்க வேண்டும், பல் தெரியக்கூடாது.

"செல்ஃபில மூக்கு பெருசா தெரியும்கா. கிட்ட வெச்சு எடுக்கறதால. அந்த மூக்கு நமக்கு வந்துடக்கூடாது" என்றான்.

பல தடவை ஓட்டினான். ஒன்றில் வயது குறைந்துவிட்டது. ஒன்றில் தாடை மெலிந்தது. ஒன்றில் தலையில் துண்டே வந்துவிட்டது. நன்றாக வந்த ஒன்றை எடுத்து, அசல் படத்துக்கு மேலே சரியாகப் பொருத்தி வைத்து, வாய், கன்னம், கண்ணைச் சுற்றிய இடம் மட்டும் தெரியும்படி மீதியை மறைத்தான். நெற்றி, காது, கழுத்து, சட்டை எல்லாம் பழைய படத்தினுடையவையே. ஓரங்களை மெல்லக் கலந்து, பழைய படத்தின் புள்ளிப் புள்ளியான தன்மையைப் புதிய இடங்களுக்கும் கொடுத்தான். சிரிப்பின் அளவையும் கொஞ்சம் குறைத்தான்.

"வெளிச்சமும் ஒரே பக்கத்துல இருந்து வருது பாருங்க ரெண்டுலயும். அதனால ஒட்டினது தெரியல" என்றான் திருப்தியாக.

தெரியவில்லைதான். திரையில் அப்பா சிரித்தார், இயல்பாக. தமிழ்ச்செல்வி நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துக்கொண்டாள். இருந்தும் எங்கோ ஒரு மூலையில் ஏதோ உறுத்தியது. என்னவென்று தேடினாள், பிடிபடவில்லை. அப்பாவின் சிரிப்பு தனக்குப் பழக்கமில்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் பிரேம் போட்டு வந்ததை ஹரிஹரன் வேலைக்குக் கிளம்புமுன் மாட்டினான். தமிழ்ச்செல்வி அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

சரோஜா பார்த்தாள். ஒரு அடி முன்னால் வைத்தாள். முந்தானை தலையிலிருந்து நழுவியது, அதை அவள் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு அடி. அவள் முகத்தில் ஏதோ இளகுவதுபோல் இருந்தது. பிறகு அந்த இளக்கம் அப்படியே நின்று, மெல்ல மெல்லச் சுருங்கியது. தலையைச் சாய்த்து இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் படத்தைப் பார்த்தாள். போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

பயப்படவில்லை, அதுவே போதும் என்று ஹரிஹரன் கிளம்பிப் போனான். தமிழ்ச்செல்வி தட்டில் இட்லி வைத்துக் கொடுத்தாள். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டாள். தமிழ்ச்செல்வி சட்னி எடுத்து வர உள்ளே போய்த் திரும்பினாள்.

தட்டு மட்டும் இருந்தது. வாசல் கதவு திறந்திருந்தது.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். பெட்டிக்கடை இன்னும் திறக்கவில்லை. கேட்பதற்குத் தெருவில் ஆள் இல்லை. தெருமுனையில் திரும்பியதும் ஜி.எஸ்.டி. சாலை இரைந்தது. திண்டிவனம் பக்கத்திலிருந்து கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. ஒரு லாரி கடந்ததும் பார்ப்பாள், அதற்குள் அடுத்தது மறைக்கும். யாரோ நீளமாக ஹாரன் அடித்தார்கள். அந்தச் சத்தம் வந்த இடத்தில்தான் அம்மா நின்றாள். பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே, தார்ச்சாலை மேல், வருகிற பஸ்ஸுக்கு நேராக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு.

பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டித் திட்டத் தொடங்கியவர், வயதான முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சரோஜா அவரிடம் கேட்டாள்: "ஜெகதீசன் கண்டக்டரு இந்த வண்டில வர்றாரா?"

தமிழ்ச்செல்வி அம்மாவை இழுத்து வந்து நிறுத்தத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் அம்மா அழுவாள், எதற்கு அழுகிறோம் என்பதும் அவளுக்கு மறந்துவிடும்.

"எதுக்கும்மா வந்த? அப்பா படம் சிரிக்குதுல்ல வூட்ல?"

"அது அவரு இல்ல." சரோஜா குரலைத் தாழ்த்தினாள். "அவன்தான். இப்ப அவரு மாதிரியே வேஷம் போட்டுக்கினு வந்து குந்திகினு கீறான். அவர மாதிரியே சிரிச்சிக் காட்றான். ஆனா சரியா வரல அவனுக்கு."

"என்னா சரியா வரல?"

சரோஜா மகள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். வலது கையை நீட்டி, எதிரில் இருந்த மகளின் இடது கன்னத்தில் விரலை வைத்தாள். "உங்கப்பாவுக்கு இங்கதான் போவும். இந்தக் கண்ணுதான் மூடும்." பிறகு விரலை எடுத்து மற்றக் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். "அவன் இங்க சிரிக்கிறான். பாத்தா தெரியாதா எனக்கு?"

விரல் சில்லென்றிருந்தது. தமிழ்ச்செல்வி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே மறு கையால் கைப்பேசியை எடுத்து, மாமல்லபுரத்துப் படத்தைத் திறந்தாள். வேஷக்காரனைப் பற்றி அம்மா சொன்னது போலவே, அந்தப் படத்திலும் உதடு ஏறியிருந்தது அப்பாவின் வலது கன்னத்துப் பக்கம். படத்தைப் பெரிதாக்கினாள். முகத்துக்குக் கீழே சட்டைப் பை, அதில் பேனா. பையும் வலது மார்பின் மேல் இருந்தது.

அப்பா சட்டைக்கு வலது பக்கம் பை இருந்ததே இல்லை. ஒற்றைப் பை என்றால் யாருடைய சட்டைக்கும் அது இடது பக்கம்தான். அவர்களுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த ஒரு கடைப் பெயர்ப்பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருந்தது.

அங்கிருந்தே ஆகிப்பைக் கூப்பிட்டாள். பையையும் பெயர்ப்பலகையையும் அம்மா ஓடிவந்ததையும் சொன்னாள். கம்ப்யூட்டரில் அவன் எதையோ தட்டித் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஆமாக்கா. திருப்பிப்போட்ட செல்ஃபி. முன்பக்க கேமரால சில போன்ல கண்ணாடில தெரியற மாதிரியே சேவ் ஆயிடும். துண்டு கட்டியிருந்தாரு, வகிடு தெரியல, நான் முகத்த மட்டும்தான் வெட்டி எடுத்து வெச்சேன். மொதல்ல அதப் பாத்திருக்கணும். தப்பு என்னுதுதான்."

"இன்னிக்கே மாத்தித் தர முடியுமா, தம்பி?"

"திருப்பிப்போட்டா வெளிச்சம் எதிர்ப்பக்கம் போயிடும்கா. நிழல் மாறி வுழும். அதப் பாத்து பண்ணணும். பண்றேன். அம்மா பத்திரமா கீறாங்களா?"

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற பஸ்களை எல்லாம் ஒரு கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று காயத்ரி தன் வேலையை விட்டுவிட்டு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். சுவரிலிருந்த படத்தைக் கழற்றித் துணியில் சுற்றி, தமிழ்ச்செல்வி மறுபடி செங்கல்பட்டு போனாள். ஆகிப் தேநீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். மாமல்லபுரத்துப் படத்தை இடம் வலமாகத் திருப்பியதும் பெயர்ப்பலகை நேராகியது, பேனா இடது மார்புக்கு வந்தது. அதை முதலில் காட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு செய்தான். பென்ஷன் படத்து வெளிச்சம் அப்படியே இருக்க வேண்டும், இரண்டாவது படத்தின் நிழல் வரக்கூடாது என்று சேர்த்து எழுதினான். அப்படியும் முதலில் வந்த சிலவற்றில் மூக்கோரத்து மடிப்பு வெளிச்சத்துக்கு எதிராகக் கறுத்து, ஒட்டவைத்ததுபோல் தெரிந்தது. இன்னும் சிலவற்றில் இரண்டு ஓரமும் சமமாக ஏறியிருந்தது.

"இதுக்கு எப்பவும் ரெண்டு பக்கமும் ஒண்ணா சிரிச்சாதான் புடிக்கும்" என்று முணுமுணுத்தான். "ஒரு பக்கம் மட்டும்னு எழுதினாலும் நேராக்கிடுது."

கடைசியில் கிடைத்த ஒன்றில் வலது ஓரம் லேசாக ஏறியிருந்ததை மறைத்து, அங்கே அசல் படத்தின் நேரான உதட்டோரத்தையே தெரியவிட்டான். இடது ஓரம் மட்டும் ஏறியது. இடது கண் மட்டும் சுருங்கியது. தமிழ்ச்செல்வி, அம்மா விரல் வைத்த தன் கன்னத்தைத் தன்னையறியாமல் தொட்டுப் பார்த்தாள். படத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவளுக்கு இப்போது எதுவும் உறுத்தவில்லை. அதற்காக அவள் நிம்மதியடையவும் இல்லை. காலையில் பார்த்த பஸ்ஸின் முகப்பு கண்ணை விட்டுப் போகவில்லை. இதுவும் தவறினால் அடுத்து எதைக் காட்டுவது? வேஷக்காரன் இன்னும் கெட்டிக்காரனாகிவிட்டான் என்று அம்மா முடிவு கட்டினால், அதற்கப்புறம் உண்மையான முகத்துக்கே இடமில்லை.

மாலை வெயில் கூடத்துக்குள் வந்திருந்த நேரத்தில் வீடு சேர்ந்தாள். இந்த முறை சுவரில் மாட்டவில்லை. வாசல் கதவைத் தாழிட்டு, காயத்ரியை அதன் முன்னால் நிற்கச் சொன்னாள். அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து படத்தை மடியில் நிறுத்திப் பிடித்தாள். இது அப்பா என்று சொல்லவில்லை.

சரோஜா பார்த்தாள். கண்கள் நேராக இடது கன்னத்துக்குத்தான் போயின. அங்கேயே வெகு நேரம் நின்றன. தமிழ்ச்செல்விக்குக் கை வலித்தது. பிரேம் ஆடாமல் இருக்க மூச்சை அடக்கிக்கொண்டாள்.

சரோஜா தலைமுடியை ஒதுக்கினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பதான் வர்றீங்களா?" என்றாள் படத்திடம். குரலில் கோபம் இருந்தது. "சிரிச்சிட்டா ஆச்சா? காலைலேர்ந்து எத்தினி பஸ்ஸு பாத்தேன் தெரியுமா?"

காயத்ரி வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். தமிழ்ச்செல்வி மட்டும் அசையவில்லை. அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள். இன்ஸ்பெக்டர் வந்ததை, அவர் மாதிரியே வேஷம் போட்டதை, மகள் எதையும் நம்பாததை, இரண்டு வாய் இட்லியோடு எழுந்து ஓடியதை, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "செல்வி, அப்பாவுக்குத் தட்டு வை" என்றாள். தமிழ்ச்செல்வி இரண்டு தட்டு வைத்தாள். சரோஜா தன் தட்டில் வைத்த சோற்றை முழுவதும் சாப்பிட்டாள்.

இரவு ராஜாராம் வீடியோவில் கூப்பிட்டான். தமிழ்ச்செல்வி படத்தைக் காட்டினாள். அவன் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்து வெகு நேரம் பார்த்தான்.

"இப்டி நம்மளப் பாத்து சிரிச்சிருக்காரா அவரு?"

"இல்ல."

"அம்மா சாப்ட்டாங்களா?"

"சாப்ட்டாங்க."

"அப்ப இருக்கட்டும்" என்றான் அவன். பழைய படத்தைத் தனக்குக் கொடுத்துவிடச் சொன்னான்.

அடுத்த வாரம் தமிழ்ச்செல்வி வேலைக்குத் திரும்பினாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள காயத்ரி ஒப்புக்கொண்டாள். ஒவ்வொரு இடைவேளையிலும் தமிழ்ச்செல்வி கைப்பேசியை எடுப்பாள். சாப்ட்டாங்க, பேசிகினு கீறாங்க, தூங்கறாங்க என்று காயத்ரி சொல்வாள். டாக்டரம்மா, இது எத்தனை நாள் நிற்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்; சில மாதமும் இருக்கலாம், நாளைக்கே மாறவும் மாறலாம். அதனால் தினமும் சாயங்காலம் பஸ் படாளத்தை நெருங்கும்போது தமிழ்ச்செல்வி, வண்டி நிற்பதற்கு முன்பே எழுந்து, கம்பியைப் பிடித்துக் குனிந்து, நிறுத்தத்து பெஞ்சைத்தான் முதலில் பார்க்கிறாள். அது காலியாக இருக்கிறதா என்று.